ஆய்ஸ்டர் கிரீக்கின் ஐந்து பாட்டில்கள்: தொலைபேசியில் சொன்ன சொல் எப்போது உறுதிமொழியாகிறது?

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் லேசி டவுன்ஷிப் என்ற ஊரில் ஆய்ஸ்டர் கிரீக் அணுமின் நிலையம் 1969-இல் ஓடத் தொடங்கியது. அதற்கு 40 ஆண்டு உரிமம். அது 2009 ஏப்ரலில் முடிய இருந்தது. இன்னும் 20 ஆண்டு ஓட்ட அனுமதி கேட்டு, அப்போது நிலையத்தை நடத்திவந்த ஆமெர்ஜென் நிறுவனம் 2005 ஜூலையில் அணு ஒழுங்குமுறை ஆணையத்திடம் விண்ணப்பித்தது. அந்த விண்ணப்பத்தைப் பரிசீலித்த காலத்தில் ஒரு சங்கதி வெளியே வந்தது. கசிவுநீர் வருகிறதா என்று பார்க்க, நிலையத்தின் அடித்தளத்தில் ஐந்து வடிகால் குழாய்களின் முனையில் ஐந்து பிளாஸ்டிக் பாட்டில்கள் வைக்கப்பட்டிருந்தன. அவற்றைத் தவறாமல் பார்ப்பதாக 1990-களிலேயே ஆணையத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். ஆனால் சொன்னபடி யாரும் பார்த்து வரவில்லை.

நிறுவனமும் ஒழுங்குமுறை ஆணையமும் தொலைபேசியில் பேசி, பேசியதைக் குறிப்பாக எழுதிவைக்கும் பழக்கத்தை விளக்க எனக்கு இதைவிட நல்ல நிகழ்வு தெரியவில்லை. இப்படிப்பட்ட குறிப்பு பார்வைக்கு இரண்டு மூன்று பக்கத் தாள்தான். யார் யார் கலந்துகொண்டார்கள், எந்தக் கேள்வி பேசப்பட்டது, என்ன விளக்கம் கேட்கப்பட்டது, நிறுவனம் என்ன செய்வதாகச் சொன்னது என்பவை அதில் இருக்கும். அதில் எழுதப்பட்ட ஒரு வாக்கியம் எங்கே போய்ச் சேர்கிறது, போய்ச் சேராவிட்டால் என்ன ஆகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

தொலைபேசி அழைப்பு ஏன், எப்படி

உரிம நீட்டிப்பு விண்ணப்பம் ஆயிரக்கணக்கான பக்கம் இருக்கும். ஆணையத்தின் பொறியாளர்கள் அதைப் படித்துச் சந்தேகம் வரும் இடங்களில் கேள்வி எழுப்புவார்கள். முறையான கேள்விக்குக் 'கூடுதல் தகவல் கோரிக்கை' என்று பெயர். கடிதமாகப் போகும், பதில் சொல்ல வழக்கமாக 30 நாள் தரப்படும். கேள்வி தெளிவாக இல்லாவிட்டால் அந்த 30 நாளும் வீண். நிறுவனம் வேறு எதையோ புரிந்துகொண்டு பதில் எழுதும், ஆணையம் மறுபடியும் கேட்கும். இதைத் தவிர்க்கக் கேள்விகளை முதலில் வரைவாக அனுப்பிவிட்டு, இரு தரப்பும் தொலைபேசியில் பேசிக்கொள்கின்றன.

பேச்சு முடிந்ததும் ஆணையத்தின் திட்ட மேலாளர் குறிப்பு எழுதுகிறார். ஒவ்வொரு வரைவுக் கேள்விக்கும் மூன்றில் ஒரு முடிவு வரும். கேள்வி புரிந்தது என்று நிறுவனம் சொன்னால் அப்படியே முறையான கோரிக்கையாக அனுப்பப்படும். புரியவில்லை என்றால் திருத்தி அனுப்பப்படும். விடை ஏற்கெனவே விண்ணப்பத்தின் இன்ன பிரிவில் இருக்கிறது என்று நிறுவனம் காட்டி, ஆணையமும் ஒப்புக்கொண்டால் கேள்வி கைவிடப்படும். வரைவுக் குறிப்பை நிறுவனமும் பார்த்துக் கருத்துச் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகு, அது பொது ஆவணத் தொகுப்பில் ஏறுகிறது. நீங்களும் நானும் அதைத் திறந்து படிக்கலாம்.

இந்தக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வரி உண்டு: இந்த அழைப்பில் ஆணைய ஊழியர்கள் எந்த முடிவும் எடுக்கவில்லை. சம்பிரதாயமாகச் சேர்க்கும் வரிதானே என்று கடந்துபோய்விடத் தோன்றும், ஆனால் முழுக் கட்டமைப்பும் அதன்மேல்தான் நிற்கிறது. தொலைபேசியில் சொன்ன எதையும் ஆதாரமாக வைத்து ஆணையம் உரிமம் கொடுக்க முடியாது. நிறுவனப் பொறுப்பாளர் உறுதியுரை செய்து கையெழுத்திட்டு அனுப்பும் கடிதம்தான் ஆதாரம். எனவே அழைப்பில் 'செய்கிறோம்' என்று சொன்னால் அது கடிதமாக வர வேண்டும், விண்ணப்பத்தின் பின்னிணைப்பில் உள்ள உறுதிமொழிப் பட்டியலில் எண்ணோடு ஏற வேண்டும், ஆணையத்தின் பாதுகாப்பு மதிப்பீட்டு அறிக்கையில் மேற்கோளாக வர வேண்டும், கடைசியில் நிலையத்தின் வேலைத் திட்டத்தில் ஒரு தொழிலாளியின் கையில் வேலைச் சீட்டாக விழ வேண்டும். குறிப்பு இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி. கடைசிக் கண்ணி அந்தப் பாட்டிலைக் குனிந்து பார்க்கும் ஆள். ஆய்ஸ்டர் கிரீக்கில் அறுந்துபோனது அந்தக் கடைசிக் கண்ணிதான்.

பாட்டிலில் வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது

ஆய்ஸ்டர் கிரீக்கின் அணு உலையைச் சுற்றி எஃகாலான ஒரு கூடு இருந்தது. டிரைவெல் என்பார்கள். மின்விளக்குக் குமிழைத் தலைகீழாகக் கவிழ்த்த வடிவம். அடிப்பக்கம் உருண்டை, மேலே குறுகிய கழுத்து. விபத்து நேர்ந்தால் நீராவியையும் கதிரியக்கத்தையும் அடக்கிவைக்க வேண்டியது இந்தக் கூடுதான். அதற்கு வெளியே தடித்த கான்கிரீட் சுவர். எஃகுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே குறுகலான இடைவெளி. அந்த இடைவெளி அடியில் முடியும் இடத்தில், கூட்டுக்கு மெத்தைபோல இருக்கட்டும் என்று கட்டும்போதே மணல் நிரப்பியிருந்தார்கள். மணல் படுகை என்று அந்த இடத்துக்குப் பெயர். அது பத்துப் பிரிவுகளாக 1, 3, 5 என்று 19 வரை ஒற்றைப்படை எண்களால் குறிக்கப்பட்டது.

எரிபொருள் மாற்றும் காலத்தில் உலைக்கு மேலே உள்ள பெரிய தொட்டியில் தண்ணீர் நிரப்புவார்கள். அந்தத் தொட்டியின் துருப்பிடிக்காத எஃகு உள்தகட்டில் விரிசல்கள் இருந்தன. தண்ணீர் கசிந்து, இடைவெளி வழியாக இறங்கி, மணலில் தேங்கியது. மணலுக்கு அடியில் இருந்த ஐந்து வடிகால்களும் அடைபட்டிருந்ததால் அது வெளியேற வழியில்லை. ஈர மணல் ஆண்டுக்கணக்கில் எஃகைத் தொட்டுக்கொண்டிருந்தது.

1986-இல் தடிமன் அளந்தபோதுதான் பாதிப்பு தெரிந்தது. புதிதாகக் கட்டியபோது மணல் படுகைப் பகுதியில் தகடு 1.154 அங்குலம், ஏறக்குறைய 29 மில்லிமீட்டர். மிக மோசமான 19-ஆம் பிரிவில் சராசரி, பின்னர் 1992-க்குள் 0.800 அங்குலத்துக்குத் தேய்ந்துவிட்டது. அந்த இடம் முழுவதும் சீராக மெலிந்திருப்பதாக வைத்துக் கணக்கிட்டால் வளைந்து நொறுங்காமல் இருக்கக் குறைந்தது 0.736 அங்குலம் தேவை என்று பகுப்பாய்வு சொன்னது. மிச்சம் 0.064 அங்குலம். மில்லிமீட்டரில் ஒன்றரைக்குச் சற்றே மேல். கூட்டின் அடிப்பகுதியின் பாதுகாப்புக் கணக்கு இந்த ஒன்றரை மில்லிமீட்டரில் வந்து நின்றது.

1992-இல் மணலை முழுக்க அகற்றிவிட்டு, வெளிப்புறத்தில் எபாக்ஸி பூச்சு அடித்தார்கள். அதன்பின் ஒலி அலையால் தடிமன் அளக்கும் அல்ட்ராசானிக் அளவீடு 1992, 1994, 1996 ஆகிய ஆண்டுகளில் நடந்தது. அளவு குறையவில்லை. சரி, துருப்பிடிப்பு நின்றுவிட்டது என்று முடிவு செய்தார்கள். இந்த முடிவு தாங்கி நிற்க இரண்டு விஷயம் வேண்டும்: பூச்சு முழுதாக இருக்க வேண்டும், மறுபடி தண்ணீர் வரக் கூடாது. தண்ணீர் வருகிறதா என்று காட்டும் ஒரே அறிகுறி அந்த ஐந்து வடிகால்களும் அவற்றின் முனைப் பாட்டில்களும். வடிகால்களைப் பார்ப்போம் என்று நிறுவனம் ஆணையத்திடம் சொன்னது அதனால்தான். அப்போது நிலையத்தின் உரிமையாளர் வேறு. 2000-இல் நிலையம் ஆமெர்ஜென்னுக்குக் கைமாறியது.

2006-இல் ஆணையத்தினர் விண்ணப்பத்தைத் தணிக்கை செய்த காலத்தில், இந்தக் கண்காணிப்பு சொன்னபடி நடக்கவில்லை என்று ஆமெர்ஜென்னே கண்டறிந்து ஒப்புக்கொண்டது. சில பாட்டில்களில் தண்ணீரும் இருந்தது. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று சோதித்துப் பார்க்காமலேயே கொட்டிவிட்டார்கள். எனக்கு இதில் மனதை மிகவும் உறுத்துவது இந்தக் கடைசி விவரம்தான். அது உலைத் தொட்டியிலிருந்து வந்த தண்ணீரா, வேறெங்கிருந்தோ ஒழுகிய நீரா என்பதை ஒரு சோதனைக்கூடம் சொல்லியிருக்கும். அந்த வாய்ப்பு வாளியோடு போய்விட்டது.

வாக்கு எங்கே தொலைந்தது

யாரும் வேண்டுமென்றே மறைத்ததாக நான் சொல்ல வரவில்லை. பொதுவாக இப்படித் தொலைவதற்குக் காரணம் சாதாரணமானது. கடிதத்தில் இருக்கும் உறுதிமொழி, நிலையத்தின் பராமரிப்பு அட்டவணையில் ஒரு தொடர் வேலையாகப் பதிவாகாமல் இருந்தால், அதை நினைவில் வைத்திருப்பவர் ஓய்வு பெறும் நாளில் அதுவும் ஓய்வு பெற்றுவிடும். உரிமையாளர் மாறினால் இன்னும் வேகமாக நடக்கும்.

ஆனால் தொலைவதற்கு மொழியும் உதவுகிறது. ஒரு தொலைபேசிக் குறிப்பில் இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இது எந்த ஆவணத்தின் நகலும் அல்ல, வடிவத்தைக் காட்ட நான் எழுதுவது:

"மணல் படுகை வடிகால்கள் கண்காணிக்கப்படுவதாக நிறுவனம் தெரிவித்தது."

படித்தால் ஒரு நிம்மதி வரும், ஆனால் இந்த வரியில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. 'கண்காணிக்கப்படுவதாக' என்பது இப்போது நடப்பதைச் சொல்கிறதா, இனிமேல் நடக்கப்போவதைச் சொல்கிறதா? செயப்பாட்டு வினையில் ஆள் மறைந்துவிட்டார். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று இல்லை. தண்ணீர் இருந்தால் என்ன செய்வது என்று இல்லை. பத்தாண்டு கழித்து ஒருவர் வந்து, இது நடந்ததா நடக்கவில்லையா என்று சரிபார்க்க நினைத்தால் எதை வைத்துச் சரிபார்ப்பார்?

ஆமெர்ஜென் 2006-இல் புதிதாகக் கொடுத்த உறுதிமொழியின் சாரம் இந்த ஓட்டைகளை அடைத்தது. எரிபொருள் மாற்ற நிறுத்தக் காலத்தில் தினமும், உலை ஓடும் காலத்தில் காலாண்டுக்கு ஒருமுறையும் வடிகால்கள் பார்க்கப்படும். தண்ணீர் இருந்தால் அதன் மூலம் கண்டுபிடிக்கப்படும். பாதிக்கப்பட்ட பிரிவுகளில் பூச்சு ஆய்வு செய்யப்படும், தடிமன் அளக்கப்படும். அதே உள்ளடக்கம் ஒரு தொலைபேசிக் குறிப்பில் வருவதானால் நான் இப்படி எழுதுவேன்:

"ஐந்து வடிகால்களின் கண்காணிப்பு குறித்து ஊழியர்கள் விளக்கம் கேட்டனர்: எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்த நடைமுறை ஆவணத்தின்படி, தண்ணீர் காணப்பட்டால் அடுத்து என்ன? நிறுத்தக் காலத்தில் தினமும், இயங்கும் காலத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் நிலைய ஊழியர்கள் பார்த்துப் பதிவு செய்வார்கள் என்று நிறுவனம் கூறியது. இதுவரை இது நடந்ததற்கான பதிவுகள் உள்ளனவா என்ற கேள்விக்கு நிறுவனம் இந்த அழைப்பில் பதில் தரவில்லை. கடிதத்தில் தருவதாகக் கூறியது. வரைவுக் கேள்வி இந்த இரண்டு அம்சங்களையும் சேர்த்துத் திருத்தி அனுப்பப்படும்."

நீளம் கூடியிருக்கிறது, ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை இருக்கிறது. கேட்டது யார், சொன்னது யார் என்று தெரிகிறது. இனிமேல் செய்வதும் இதுவரை செய்ததும் தனித்தனியாக நிற்கின்றன. பதில் வராத கேள்வி, பதில் வரவில்லை என்றே பதிவாகியிருக்கிறது. குறிப்பு எழுதுபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். பேச்சு நட்பாக நடந்திருக்கும். எதிர்முனையில் இருப்பவர், 'அது பார்த்துக்கிட்டுதான் இருக்கோம்' என்று நம்பிக்கையாகச் சொல்லியிருப்பார். அதைப் பதிலாக எழுதிவிடக் கை போகும். ஆனால் 'பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று சொன்னார்' என்பதும் 'பதிவேட்டைப் பார்த்தோம், இருக்கிறது' என்பதும் ஒன்றல்ல.

விளக்கம் கேட்பது ஆணையத்தின் வேலை மட்டுமல்ல, நிறுவனமும் கேட்க வேண்டும். 'மணல் படுகைப் பகுதி' என்று கேள்வியில் வந்தால், தளத்தின் கான்கிரீட்டுக்குள் புதைந்திருக்கும் எஃகும் அதில் சேர்ந்ததா என்று கேட்டுவிடுவது நல்லது. ஆய்ஸ்டர் கிரீக்கில் இது வெறும் சொல்விளையாட்டாக இருக்கவில்லை. 1986-இல் உள்ளிருந்து அளப்பதற்காக டிரைவெல்லின் கான்கிரீட் தளத்தில் 5-ஆம், 17-ஆம் பிரிவுகளுக்கு நேரே இரண்டு பள்ளங்கள் வெட்டியிருந்தார்கள். 2006 அக்டோபர் நிறுத்தத்தின்போது திறந்து பார்த்தால் 5-ஆம் பிரிவின் பள்ளத்தில் தண்ணீர் நின்றது. அதுவரை எல்லாப் பேச்சும் வெளிப்புறத்தைப் பற்றி. உட்புறத்தில், கான்கிரீட்டுக்கு அடியில் எஃகு ஈரத்தில் இருக்கலாம் என்பது புதுக் கேள்வி. டிசம்பரில் நிறுவனம் உறுதிமொழிகளை அதற்கேற்ப விரித்து எழுதி மறுபடி கடிதம் அனுப்ப வேண்டியிருந்தது.

உறுதிமொழி வழக்கையே மாற்றியது

ஒரு உறுதிமொழியின் எடை என்ன என்பதற்கு இதே நிகழ்வில் இன்னொரு சாட்சி. முதலில் கொடுத்த விண்ணப்பத்தில், நீட்டிப்புக் காலத்தில் மணல் படுகைப் பகுதியில் அல்ட்ராசானிக் தடிமன் அளவீடு செய்யும் திட்டமே இல்லை. பூச்சைக் கண்ணால் பார்த்தால் போதும் என்றிருந்தது. குடிமக்கள் அமைப்புகள் சேர்ந்து இதை எதிர்த்து மனு கொடுத்தன. 2006 பிப்ரவரியில் ஆணையத்தின் உரிம வாரியம் அந்த வாதத்தை விசாரணைக்கு ஏற்றது.

அதன்பின் ஏப்ரலில் நிறுவனம் அளவீடு செய்வதாகக் கடிதம் கொடுத்தது. அவ்வளவுதான், ஜூனில் வாரியம் சொன்னது: அளவீடே இல்லை என்பது உங்கள் குறை, இப்போது அளவீடு வந்துவிட்டது, எனவே அந்த வாதம் தீர்ந்தது. மனுதாரர்கள் புதிதாக வாதம் எழுப்ப வேண்டியதாயிற்று: அளவீடு உண்டு, ஆனால் போதிய அளவு அடிக்கடி இல்லை. அக்டோபரில் அது ஏற்கப்பட்டு, 2007 செப்டம்பரில் அதே மாநிலத்தின் டாம்ஸ் ரிவர் என்ற ஊரில் விசாரணை நடந்தது. எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்ற ஒரு சொற்றொடருக்காக நிபுணர்கள் சாட்சிக் கூண்டேறினார்கள்.

வாக்கியத்தின் வடிவம் எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வந்தேன் அல்லவா, அது இதுதான். 'அளப்போம்' என்று மட்டும் எழுதினால் ஒரு வழக்கு முடிகிறது. 'எப்போது அளப்போம்' என்பதில் அடுத்த வழக்கு தொடங்குகிறது. கூடுதல் தகவல் கோரிக்கை, தொலைபேசிக் குறிப்பு, பதில் கடிதம் எல்லாமே பொது ஆவணம் என்பதால்தான் வெளியில் இருந்தவர்களால் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடிக்க முடிந்தது. குறிப்புகள் மூடிய கோப்பில் இருந்திருந்தால் அந்த மனு எழுதியவர்களுக்கு எதை எதிர்ப்பது என்றே தெரிந்திருக்காது.

உறுதிமொழிகளிலும் வலிமை வேறுபாடு உண்டு. சாதாரண உறுதிமொழியை நிறுவனம் தன் உள் நடைமுறைப்படி மதிப்பிட்டு மாற்றிக்கொள்ளலாம். சிலவற்றுக்கு ஆணையத்திடம் தெரிவித்தால் போதும். நிலையத்தின் பாதுகாப்பு அறிக்கையில் ஏறிய உறுதிமொழியை மாற்ற அதற்கென்று உள்ள விதியின்படி ஆராய வேண்டும். உரிமத்தின் நிபந்தனையாக எழுதப்பட்டதை மாற்ற வேண்டுமானால் உரிமத்தையே திருத்த வேண்டும், அதற்குப் பொது அறிவிப்பு உண்டு. ஒரே வாக்கியம் எந்தத் தாளில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அதை அழிப்பது சுலபமாகவோ கடினமாகவோ ஆகிறது. தொலைபேசிக் குறிப்பைப் படிப்பவர் கேட்க வேண்டிய கேள்வி அதனால் 'என்ன சொன்னார்கள்' என்பதோடு நிற்கக் கூடாது. 'இது எந்தத் தாளுக்குப் போகிறது' என்பதையும் கேட்க வேண்டும். நல்ல குறிப்பு அதைத் தானே சொல்லிவிடும்: இன்ன கடிதத்தின் மூலம், விண்ணப்பத்தின் இன்ன பின்னிணைப்பு திருத்தப்படும் என்று. டிரைவெல் பற்றிய உறுதிமொழிகள் பட்டியலில் 27-ஆம் எண்ணில் ஏறின. அதன்பின் பாதுகாப்பு மதிப்பீட்டு அறிக்கையிலும் ஆய்வாளர்களின் அறிக்கையிலும் அந்த எண்ணைத் தேடினால் கிடைக்கிறது. எண் இருப்பதால்தான் தொடர்ந்து பின்செல்ல முடிகிறது.

2008 நவம்பர்: எழுதியது நடந்ததா

நீட்டிப்புக்கு முந்தைய கடைசி எரிபொருள் மாற்ற நிறுத்தம் 2008 இலையுதிர் காலத்தில் வந்தது. உறுதிமொழிகள் நடைமுறையில் எப்படி இருக்கின்றன என்று பார்க்க ஆணையத்தின் ஆய்வாளர்கள் நேரில் வந்தார்கள். இந்த முறை வேலைச் சீட்டுகள் இருந்தன, அட்டவணை இருந்தது, பதிவும் இருந்தது. அப்படியும் நடந்ததைப் பாருங்கள்.

உலைத் தொட்டியின் உள்தகட்டில் விரிசலை மறைக்க, உரித்தெடுக்கும் வகைப் பூச்சு ஒன்றை அடிப்பது உறுதிமொழிகளில் ஒன்று. அடித்தார்கள். நிறுத்தத்தின் நடுவே அந்தப் பூச்சு ஒரு பகுதியில் பெயர்ந்தது. கசிவைப் பிடிக்கத் தொட்டியின் விளிம்பில் இருந்த வாய்க்காலில் வரும் கசிவு நிமிடத்துக்கு 1 கேலனுக்கும் குறைவாக இருந்தது, திடீரென்று 4 முதல் 6 கேலன்வரை கூடியது. நிறுவனம் வைத்திருந்த வரம்பு 12 கேலன், அதற்குள்தான் இருந்தது. ஆனால் மணல் படுகையின் நான்கு பிரிவுகளில் தண்ணீர் காணப்பட்டது.

வாய்க்காலின் வடிகாலில் ஒரு வால்வு மூடப்பட்டிருந்ததும் அதற்கு முன்பே தெரியவந்தது. கசிவை அளக்கக் குழாய் பொருத்துவதற்காக வடிகாலை மூடியவர்கள், தொட்டியில் தண்ணீர் நிரப்பும்போது அதைத் திறக்கவில்லை. உள்ளே சிறிய கேமராவை விட்டுப் பார்த்தபோதுதான் கண்டுபிடித்தார்கள். கசிவைக் கண்காணிக்க எடுத்த ஏற்பாடே கசிவு வெளியேறும் வழியை அடைத்துவிட்டது. பாட்டில்களிலும் இதே கதை. தினமும் பார்க்கிறோம் என்று பதிவு இருந்தது. ஆனால் சில வடிகால்களின் ரப்பர் குழாய் பாட்டிலோடு இணையாமல் கழன்று கிடந்தது. பாட்டில் காய்ந்திருந்தால் தண்ணீர் வரவில்லை என்று எழுதுவோம் அல்லவா? குழாயே இணையாதபோது காய்ந்த பாட்டில் எதையும் சொல்லாது.

நான் மேலே எழுதிக்காட்டிய மாதிரி வாக்கியத்துக்கும் இது பாடம். 'பார்த்துப் பதிவு செய்வார்கள்' என்று எழுதினேன். குழாய் பாட்டிலோடு இணைந்திருக்கிறதா என்று சரிபார்த்து, வடிகால் அடைபடவில்லை என்று உறுதிசெய்து, அதன்பின் பாட்டிலில் உள்ள அளவைப் பதிவு செய்வார்கள் என்றல்லவா கேட்டிருக்க வேண்டும். அழைப்பில் உட்காரும் ஆணையப் பொறியாளர் ஒருமுறையாவது அந்த அறைக்குள் குனிந்து பார்த்தவராக இருந்தால் இந்தக் கேள்வி தானாக வரும். காகிதத்தை மட்டும் படித்தவருக்கு வருவது கடினம்.

11-ஆம் பிரிவில் எபாக்ஸி பூச்சில் உடைந்த சிறு கொப்புளமும் அதிலிருந்து வழிந்த துருக்கறையும் தெரிந்தன. 2006 ஆய்வின் வீடியோவை மறுபடி ஓட்டிப் பார்த்தபோது, அந்தக் கறை அப்போதே அங்கே இருந்தது. அன்று பார்த்தவர்கள் கவனிக்கவில்லை. 2006-இன் பதிவில் பூச்சு நல்ல நிலையில் இருப்பதாகத்தான் இருந்தது, அதை நம்பித்தான் பல பேச்சுகள் நடந்தன. கொப்புளம் இருந்த இடத்தில் எஃகின் இழப்பு மிகச் சிறியது, பாதுகாப்புக் கணக்கை அது அசைக்கவில்லை. சரிசெய்து மறுபடி பூசினார்கள்.

ஆய்வாளர்களின் அறிக்கை 2009-இன் தொடக்கத்தில் வந்தது. அதில் ஒரு முக்கியமான குறிப்பு இருக்கிறது. நீட்டித்த உரிமம் இன்னும் கொடுக்கப்படவில்லை. எனவே இந்த உறுதிமொழிகள் இன்னும் நிபந்தனையாகவில்லை. ஆதலால் ஆய்வாளர்கள் கண்டதை மட்டும் பதிவு செய்கிறார்கள், போதுமானதா இல்லையா என்று மதிப்பிடவில்லை. சட்டப்படி அது சரி. படிக்கிற சாதாரண மனிதருக்கு ஏமாற்றமாக இருக்கும், எனக்கும் இருந்தது. வால்வு மூடியிருந்தது, குழாய் கழன்றிருந்தது, கறை கவனிக்கப்படவில்லை என்று வரிசையாகப் படித்துவிட்டு, அதனால் என்ன என்று கேட்கத் தோன்றும். அதற்கு விடை அந்த அறிக்கையில் இல்லை. ஆனால் இவ்வளவையும் நாம் தெரிந்துகொள்ள முடிந்தது, சரிபார்க்கக்கூடிய வடிவத்தில் உறுதிமொழிகள் எழுதப்பட்டிருந்ததால்தான். 'கண்காணிக்கப்படும்' என்று மட்டும் இருந்திருந்தால் ஆய்வாளர் பாட்டிலைப் பார்த்துவிட்டு, சரி, கண்காணிக்கிறார்கள் என்று போயிருப்பார்.

2009 ஏப்ரல் 8 அன்று, பழைய உரிமம் முடிய ஒரு நாள் இருக்கும்போது, ஆணையம் புதிய உரிமத்தைக் கொடுத்தது. மணல் படுகை ஆய்வும் வடிகால் கண்காணிப்பும் அதன்பின் எந்தப் பட்டியலில், எந்த எண்ணில் இருக்கின்றன என்று யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி ஆயிற்று. நிலையம் 2018 செப்டம்பர் 17 வரை ஓடியது.